நூல் போன வழி

கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு சேலை நெய்யப்பட்டால் அது மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. கிடங்கிலிருந்து நூல் வெளியே போனபோது நூல் வழங்கல் பதிவேட்டில் ஏறுகிறது. நெய்த சேலையை நெசவாளர் கொண்டுவந்து ஒப்படைத்ததும் கூலிப் பட்டியலில் ஏறுகிறது. அதே சேலை மடித்து அடுக்கப்பட்டதும் ஜவுளி இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. மூன்றையும் எழுதுபவர்கள் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சிறிய சங்கங்களில் பெரும்பாலும் ஒரே கைதான் மூன்றையும் எழுதும்.

ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கையாளர் வந்து அமர்வது இந்த மூன்று பதிவேடுகளின் முன்னால்தான். ரொக்கப் புத்தகம், வங்கிக் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் பிற கூட்டுறவுச் சங்கங்களிலும் உண்டு. நெசவாளர் சங்கத்துக்கே உரிய வேலை வேறு. பஞ்சு நூலாகப் போனது துணியாகத் திரும்பி வந்ததா, நெய்தவர் கைக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா, வந்த துணி அலமாரியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்று கேள்விக்கும் ஒரே விடைதான் வர வேண்டும். வராதபோது எங்கே விலகுகிறது என்று பார்த்தால், நூல் போன வழி தெரியும்.

தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களின் தணிக்கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 80ஆம் பிரிவு ஆண்டுதோறும் தணிக்கை நடக்க வேண்டும் என்கிறது. ஆனால் சட்டப் பிரிவைவிட இந்த வேலைக்கு அதிகம் உதவுவது கூட்டல், வகுத்தல் கணக்கும் ஒரு தராசும்தான்.

ஒரு சேலைக்கு எத்தனை கிராம்?

கைத்தறிக்கு வருவது சிட்டா நூல். ஒரு சிட்டம் என்பது 840 கெஜம், அதாவது 768 மீட்டர் நீளம். எத்தனை சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடை வருகிறதோ, அந்த எண்ணிக்கைதான் நூலின் நம்பர். 80ஆம் நம்பர் நூல் என்றால் 80 சிட்டம் ஒரு பவுண்டு. ஒரு சிட்டத்தின் எடை 5.67 கிராம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்.

இதை வைத்துக்கொண்டு எந்தச் சேலைக்கும் எவ்வளவு நூல் தேவை என்று கணக்கிட்டுவிடலாம். பரமக்குடி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நெய்யப்படும் வகையைச் சேர்ந்த ஒரு சாதாரணப் பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை மீட்டர் நீளம், 48 அங்குல அகலம், பாவும் ஊடையும் 80ஆம் நம்பர்.

ஒரு பாவில் பத்துச் சேலை நெய்கிறார்கள் என்றால், துணியின் நீளம் 55 மீட்டர். நெய்யும்போது நூல் மேலும் கீழுமாக வளைந்து போவதால் சுருங்கும். கடைசியில் தறியில் நெய்ய முடியாத மிச்சமும் நிற்கும். இவற்றுக்கும் சேர்த்துப் பாவை 58 மீட்டருக்கு ஓட்ட வேண்டும். அங்குலத்துக்கு 72 இழை வீதம் அகலம் முழுவதற்கும் 3,456 இழை. மொத்த நீளம் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் மீட்டர். 768ஆல் வகுத்தால் 261 சிட்டம். எடை சுமார் 1.48 கிலோ.

ஊடைக்கும் இதே கணக்குத்தான். அங்குலத்துக்கு 68 ஊடை வைத்தால் ஒரு சேலைக்கு 14,700 முறை நாடா குறுக்கே ஓடும். ஒவ்வொரு ஓட்டமும் ஒன்றேகால் மீட்டர் நூலை இழுத்துச் செல்லும். பத்துச் சேலைக்கு சுமார் 1.36 கிலோ ஆகும். பாவும் ஊடையும் சேர்த்து 2.84 கிலோ. சாயம் போடும்போது குறையும் எடையும், சுற்றும்போதும் தார் போடும்போதும் அறுந்து வீணாகும் துண்டுகளும் சேர்த்துச் சேதாரமாக 160 கிராம் அனுமதித்தால், பத்துச் சேலை கொண்ட ஒரு பாவுக்கு மூன்று கிலோ. சேலை ஒன்றுக்கு 300 கிராம்.

தணிக்கையின் அச்சாணி இந்த 300 கிராம்தான். ஒவ்வொரு ரகத்துக்கும் இப்படி ஒரு கணக்கைச் சங்கம் எழுதி வைத்திருக்கும். அதே தாளில் நெசவுக் கூலியும் அடக்க விலையும் இருக்கும். அந்தத் தாளை அப்படியே நம்பிவிடாமல், ஒரு சேலையை விரித்து, இழை எண்ணும் கண்ணாடியை வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்ப்பதுதான் நல்ல தணிக்கையாளரின் முதல் வேலை. தாளில் 68 ஊடை என்று எழுதி, தறியில் 60 வைத்தால், ஒவ்வொரு சேலையிலும் 16 கிராம் நூல் யாருக்கோ மிச்சமாகிறது. பத்தாயிரம் சேலைக்கு அது 160 கிலோ.

பொருந்தி வரும் கணக்கு

இனி ஒரு சங்கத்தை எண்ணிக்கொள்வோம். பெயரும் எண்களும் கற்பனை. நடப்பவை சங்கங்களில் நடக்கக்கூடியவை. 60 தறிகள், ஒரே ரகச் சேலை, சேலைக்குக் கூலி 400 ரூபாய்.

ஆண்டின் தொடக்கத்தில் கிடங்கில் 420 கிலோ நூல் இருந்தது. நெசவாளர்களிடம், தறியில் ஏறியதும் ஏறாததுமாக, 100 கிலோ இருந்தது. ஆண்டு முழுவதும் வாங்கியது 3,660 கிலோ. ஆக மொத்தம் 4,180 கிலோ. மார்ச் 31 அன்று கிடங்கில் 380 கிலோவும் நெசவாளர்களிடம் 200 கிலோவும் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது. கழித்துப் பார்த்தால் செலவானது 3,600 கிலோ. 300 கிராமால் வகுத்தால் 12,000 சேலை.

உற்பத்திப் பதிவேட்டைத் திருப்பினால் அங்கேயும் 12,000 சேலை. கூலிப் பட்டியலைக் கூட்டினால் 48 லட்சம் ரூபாய், அதாவது 12,000 சேலைக்கு 400 ரூபாய் வீதம். ஜவுளி இருப்பில் வரவு, விற்பனை, மீதம் எல்லாம் ஒன்றுக்கொன்று சரி. மூன்று பதிவேடுகளும் ஒரே குரலில் பேசுகின்றன.

அனுபவமுள்ள தணிக்கையாளருக்கு முதல் சந்தேகம் வருவதே இங்கேதான். உண்மையான தறிக்கூடத்தில் நூல் கணக்கு ஒரு கிலோகூடப் பிசகாமல் வந்து நிற்காது. பருத்தி காற்றின் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் நிறுத்த நூலும் சித்திரை வெயிலில் நிறுத்த நூலும் ஒரே எடை காட்டாது. ஒரு லாட்டுக்குச் சாயம் அதிகம் ஏறும், இன்னொன்றுக்குக் குறையும். ஒரு நெசவாளர் சிக்கனமாகச் சுற்றுவார், இன்னொருவர் வீட்டில் எலி கடித்துவிடும். நேர்மையான கணக்கில் ஓரிரு விழுக்காடு ஏற்ற இறக்கமும், அதற்கான விளக்கமும் இருக்கும். துல்லியமாகப் பொருந்துகிறது என்றால், யாரோ கடைசியில் ஒரு எண்ணைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

எந்த எண்? கிடங்கு நூலை நிறுத்துப் பார்த்துவிடலாம். வாங்கிய நூலுக்குப் பட்டியல் இருக்கிறது. சாயப்பட்டறைக்குப் போன நூலுக்கு அங்கேயே ரசீது உண்டு. எளிதில் கை வைக்க முடியாத எண்கள் இவை. மிஞ்சுவது நெசவாளர்கள் வசம் உள்ள நூல். அறுபது வீடுகளில் சிதறிக் கிடப்பதை யார் போய் நிறுக்கப் போகிறார்கள் என்ற துணிவில், கணக்கில் விழும் ஓட்டையை எல்லாம் இந்த ஒரு வரியில்தான் போட்டு அடைப்பார்கள்.

அந்த வரியை அலுவலக நாற்காலியில் இருந்தபடியே சோதிக்கலாம். ஒரு தறியில் ஒரு நேரத்தில் ஒரு பாவுதான் ஏற முடியும். முந்தைய பாவை முடித்துத் துணியை ஒப்படைத்த பிறகுதான் அடுத்த பாவு வழங்க வேண்டும் என்பது சங்க நடைமுறை. ஒரு பாவுக்கு நூல் மூன்று கிலோ. அறுபது தறியிலும் அன்று காலையில்தான் புதுப் பாவு ஏறியது என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 180 கிலோதான். பதிவேடு 200 கிலோ என்கிறது. உண்மையில் சில தறிகளில் பாவு தொடங்கியிருக்கும், சிலவற்றில் பாதி, சிலவற்றில் முடியும் தறுவாய். சராசரியாகப் பாதி என்று கொண்டால் 90 கிலோ. ஆண்டின் தொடக்கத்தில் 100 கிலோ என்று எழுதப்பட்டிருந்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. அப்படியானால் கூடுதலாக எழுதப்பட்ட சுமார் 110 கிலோ நூல் நெசவாளர் வீட்டில் இல்லை. எங்கேயும் இல்லை.

அதனால்தான் ஆண்டு முடிவில் கிடங்கை மட்டும் சரிபார்த்தால் போதாது. குறிப்பிட்ட சில தறிகளுக்காவது நேரில் போக வேண்டும். தறியில் எத்தனையாவது சேலை ஓடுகிறது, ஊடை நூல் எவ்வளவு மீதி என்று பார்த்து நெசவாளரின் பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பாஸ்புத்தகத்தில் உள்ளதும் சங்கப் பதிவேட்டில் உள்ளதும் வேறுபட்டால், பெரும்பாலும் பாஸ்புத்தகம்தான் உண்மை சொல்லும். அது நெசவாளர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஆண்டு முடிவில் திருத்த ஆளில்லை.

தறி ஓடும் வேகம்

நூல் கணக்கைச் சோதித்தாயிற்று. அடுத்தது கூலி. கூலிப் பட்டியலில் கையெழுத்து இருக்கிறதா, கூட்டல் சரியா, வங்கிக்கு அனுப்பிய தொகையோடு ஒக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கூலிக்குரிய வேலையை ஒரு மனிதர் செய்திருக்க முடியுமா?

நம் சங்கத்தில் 12,000 சேலையைத் தறிவாரியாகப் பிரித்து எழுதினால் ஒரு படம் தெரிகிறது. 52 தறிகள் ஆளுக்குச் சுமார் 180 சேலை நெய்திருக்கின்றன. அதாவது ஆண்டுக்கு 18 பாவு, இருபது நாளுக்கு ஒரு பாவு. புதுப் பாவின் 3,456 இழைகளையும் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க ஆகும் நேரம், கல்யாணம், காய்ச்சல், திருவிழா, குழித்தறிக்குள் மழைநீர் இறங்கும் நாட்கள் எல்லாம் அந்த இருபது நாளுக்குள் அடங்கும். நம்பக்கூடிய வேகம்.

மீதி எட்டுத் தறிகள் ஆளுக்கு 330 சேலை. பதினோரு நாளுக்கு ஒரு பாவு. ஒருநாளும் ஓயாமல், பாவு பிணைக்கக்கூட நிற்காமல், கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு சேலை.

இதை வைத்தே மோசடி என்று எழுதிவிட முடியாது. நேர்மையான விளக்கங்கள் இருக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு தறி இருந்து, அப்பா பெயரிலேயே எல்லாத் துணியும் போயிருக்கலாம். அண்ணனும் தம்பியும் பகலும் இரவுமாக ஒரு தறியில் மாறி மாறி உட்காரலாம். சங்க உறுப்பினர் அல்லாத உறவினர் தம் துணியை இவர் கணக்கில் சேர்த்திருக்கலாம். விதிப்படி அது தவறு என்றாலும் துணி உண்மையான கைத்தறித் துணிதான். எனவே தணிக்கையாளர் எட்டு வீட்டுக்கும் போகிறார்.

மூன்று வீடுகளில் இத்தகைய விளக்கம் கிடைக்கிறது. ஐந்தாவது வீட்டில் ஒரு முதியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

“ஐயா, தறி எங்க இருக்கு?”

“தறியா? மேடு கட்டி மூடிட்டோம் சார். எனக்குக் கண்ணு தெரியல. மகன் திருப்பூருக்குப் போய்ட்டான். சங்கத்துல பேரு மட்டும் இருக்கட்டும்னு சொன்னாங்க.”

அவரை அவசரப்பட்டுக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. பெயர் இருந்தால் ஓய்வூதியத்துக்கும் வேறு உதவிக்கும் பயன்படும் என்று நம்பியிருப்பார். அவர் பெயரில் திறந்த வங்கிக் கணக்கின் அட்டை யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. கூலியை வங்கி வழியாக அனுப்பத் தொடங்கியபோது பொய்க் கையெழுத்துக்கு இடமில்லாமல் போனது உண்மை. ஆனால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை யார் கையாள்கிறார்கள் என்பதைச் சங்கத்தின் வங்கி அறிக்கை சொல்லாது. உறுப்பினரிடமே அவருடைய வங்கிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஐந்து பேர் கணக்கிலும் கூலி ஏறிய அன்றே முழுத் தொகையும் எடுக்கப்பட்டிருந்தால், ஐந்தையும் இயக்குவது ஒரே கை என்று கருத இடமிருக்கிறது.

இப்படி ஐந்து தறிகள் இல்லாத தறிகள் என்று தெரிகிறது. அவற்றின் பெயரில் 1,650 சேலை, 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கூலி, 495 கிலோ நூல்.

கூலியைச் சரிபார்க்க இன்னொரு சாட்சியும் உண்டு. தமிழ்நாட்டில் 1975 முதல் கூட்டுறவு நெசவாளர்களுக்கான சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் நடக்கிறது. நெசவாளர் ஈட்டும் கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிக்கப்படும். அரசு தன் பங்காக 4 காசு சேர்க்கும். எனவே 48 லட்சம் கூலிக்கு 3 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய் பிடித்தம் இருந்தாக வேண்டும். பிடித்த தொகை குறைவாக இருந்தால், கூலிப் பட்டியலில் உள்ள கூலி முழுவதும் உண்மைக் கூலியா என்ற கேள்வி எழும். பிடித்தது சரியாக இருந்து, உரிய கணக்கில் கட்டிய தொகை குறைவாக இருந்தால், நெசவாளரின் சேமிப்பைச் சங்கம் தன் அன்றாடச் செலவுக்கு எடுத்துக்கொண்டது என்று பொருள். இரண்டாவதை நெசவாளர் பல ஆண்டு கழித்து, பணம் கேட்டுப் போகும்போதுதான் அறிவார். இல்லாத ஐந்து தறிகளுக்கும் ரூபாய்க்கு 4 காசு என்ற அரசுப் பங்கு போயிருந்தால், அதுவும் 26,400 ரூபாய் நட்டம்.

எண்ணிக்கை சரி, எடை சரியில்லை

இல்லாத தறியில் நெய்ததாகக் காட்டிய 1,650 சேலை எங்கே? கிடங்கில் எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை குறையவில்லை. விற்றவை போக மீதி அலமாரியில் இருக்கிறது. இங்கேதான் பல தணிக்கைகள் நின்றுவிடுகின்றன. இருப்பு சரி என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

சேலை இருப்பதற்குக் காரணம், அது வெளியிலிருந்து வாங்கப்பட்டது என்பதுதான். கைத்தறிக்கென்று சலுகையில் வந்த சிட்டா நூலை வெளிச்சந்தையில் விற்றுவிட்டு, விசைத்தறியில் ஓடிய மலிவுச் சேலையை வாங்கி அடுக்கிவிட்டால் எண்ணிக்கை பொருந்திவிடும். நூல் விற்ற பணம் ஒரு வரவு. இல்லாத நெசவாளரின் கூலி இன்னொரு வரவு. கைத்தறித் துணி விற்பனைக்கு அரசு தரும் தள்ளுபடி மானியமும் இந்தச் சேலைக்குக் கேட்டு வாங்கப்பட்டிருந்தால் அது மூன்றாவது.

எனவே கிடங்கில் துணியை எண்ணுவது பாதி வேலைதான். கட்டுகளைப் பிரிக்க வேண்டும். மேலே நல்ல சேலை, நடுவில் பழைய சரக்கு என்று கட்டு கட்டியிருப்பது புதிதல்ல. பிறகு எந்தச் சேலை எந்தத் தறியிலிருந்து வந்தது என்ற சீட்டைப் பார்த்து, உண்மைத் தறிகளின் இருபது சேலையையும் சந்தேகத் தறிகளின் இருபது சேலையையும் தனித்தனியே நிறுக்க வேண்டும்.

உண்மையான கைத்தறிச் சேலைகள் நம் கணக்குப்படி 284 கிராம் அருகில் நிற்க வேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு எடை காட்டும். ஒன்று 277, ஒன்று 291. ஒரு நெசவாளர் பலகையை இறுக்கி அடிப்பார், இன்னொருவர் தளர அடிப்பார். ஒரே ஆள்கூடக் காலையில் நெய்த பகுதியும் மாலையில் நெய்த பகுதியும் ஒரே அழுத்தமாக நெய்வதில்லை. ஐந்து வெவ்வேறு நெசவாளர்கள் நெய்ததாகச் சீட்டு ஒட்டிய சேலைகளோ 251, 252, 251, 253 என்று வரிசையாக நிற்கின்றன. கண்ணாடி வைத்து எண்ணினால் அங்குலத்துக்கு 56 ஊடை. ஐந்து மனிதர்களின் கைகள் இவ்வளவு ஒன்றுபோல் இயங்கா.

எடையை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். கஞ்சி அதிகம் ஏற்றினால் மெல்லிய துணியும் எடை காட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு சேலையைக் கஞ்சி போக அலசி, உலர்த்தி, திரும்ப நிறுக்க வேண்டும். ஓரத்தைப் பார்த்தோ தடவிப் பார்த்தோ கைத்தறி, விசைத்தறி என்று தீர்ப்புச் சொல்வது தணிக்கை அறிக்கையில் நிற்காது. எடை, இழை எண்ணிக்கை, தறி இல்லை என்ற நேர்ச் சாட்சி ஆகிய மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் நிற்கும்.

இருப்புத் துணியில் மோசடி இல்லாமலே நடக்கும் பொய்யும் ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக விற்காமல் மடிப்பு பழுத்து, சாயம் வெளிறிக் கிடக்கும் சேலைக்கும் பதிவேட்டில் அன்றைய அடக்க விலையே தொடரும். 700 ரூபாய் என்று எழுதியிருக்கும் சேலை இன்று 300 ரூபாய்க்கும் போகாது. அடக்க விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் லாபம் காட்டிய சங்கம் நட்டத்தில் விழும். லாபம் காட்டினால்தான் உறுப்பினருக்குப் பங்கீடு, ஊழியருக்கு போனஸ், வங்கியில் கடன் வரம்பு. அதனால் யாரும் திருடாமலேயே அந்தப் பழைய சேலைக் கட்டு ஆண்டுக்கு ஆண்டு முழு விலையில் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு கட்டும் எந்த ஆண்டு உற்பத்தி என்று வயதுவாரியாகப் பட்டியல் கேட்டால் இது வெளிப்பட்டுவிடும்.

கண்காட்சிக்கு அனுப்பித் திரும்பாத துணி, கோ-ஆப்டெக்ஸுக்கு அனுப்பி இன்னும் ஏற்கப்படாத துணி ஆகியவற்றையும் மார்ச் 31 என்ற கோட்டின் எந்தப் பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மார்ச் 30இல் விற்றதாகவும் எழுதி, 31இல் இருப்பிலும் காட்டினால் ஒரே சேலை இரண்டு முறை லாபம் தரும். ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்பி வந்ததாக எழுதப்படும் சரக்கின் பட்டியலைப் பார்த்தால் போதும், இது தெரிந்துவிடும்.

குறைவு யார் பக்கம்?

இதுவரை பார்த்ததெல்லாம் சங்கத்தின் பொருள் வெளியே போன வழி. நெசவாளரின் பொருள் போகும் வழியும் இதே பதிவேடுகளுக்குள் இருக்கிறது.

நெசவாளருக்கு நூல் எடைபோட்டுத் தரப்படுகிறது. அவர் திருப்பித் தர வேண்டியதோ எண்ணிக்கையில். மூன்று கிலோ வாங்கினால் பத்துச் சேலை. குறைந்தால் நூல் குறைவு என்று கூலியில் பிடித்துக்கொள்வார்கள். நூலின் நம்பர் சரியாக இருக்கும்வரை இது நியாயம். கட்டில் 80ஆம் நம்பர் என்று அச்சிட்டிருந்து, உள்ளே இருப்பது 76 என்றால் என்ன ஆகும்? சிட்டத்தின் எடை 5.67க்குப் பதில் 5.97 கிராம். மூன்று கிலோவில் 529 சிட்டம் இருக்க வேண்டிய இடத்தில் 503தான் இருக்கும். நூல் தடித்திருக்கிறது, நீளம் ஐந்து விழுக்காடு குறைந்திருக்கிறது. அனுமதித்த சேதாரத்துக்கு மேல் நெசவாளர் ஒரு இழையும் வீணாக்காவிட்டாலும் அரைச் சேலைக்கு நூல் போதாது. தராசு சரியாக இருக்கிறது, பதிவேடு சரியாக இருக்கிறது, பிடித்தம் மட்டும் அவர் கூலியிலிருந்து போகிறது.

நூல் குறைவுப் பிடித்தங்களை நெசவாளர்வாரியாகவும் தேதிவாரியாகவும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், குறைவு எங்கே பிறந்தது என்பது அதன் வடிவத்திலேயே தெரியும். ஒரே ஒரு நெசவாளருக்கு மட்டும் பாவுக்குப் பாவு குறைந்தால் காரணம் அந்த வீட்டில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட லாட் வந்த பிறகு எல்லாருக்கும் ஒரே அளவில் குறைந்தால் காரணம் நூற்பாலையில் இருக்கிறது. லாட் மாறியும் எல்லாருக்கும் தொடர்ந்து கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தால் கிடங்குத் தராசைச் சோதிக்க வேண்டும். எடைக்கற்களையும் தராசு முத்திரையையும் பார்ப்பது அப்போதுதான் பொருளுள்ள வேலையாகிறது.

நூல் வந்த அன்றே சில சிட்டங்களை எடுத்து நீளம் அளந்து நிறுத்து, நம்பரைக் குறித்து வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வராது. குறைந்த நூலுக்கு ஆலையிடம் இழப்பீடு கேட்கலாம். அந்தச் சோதனைக் குறிப்பு இல்லை என்பதைத் தணிக்கைக் குறையாக எழுதும் தணிக்கையாளர் நெசவாளரின் கூலியையும் காக்கிறார்.

அறிக்கைக்குப் பிறகு

நம் கற்பனைச் சங்கத்தின் அறிக்கையில் இப்போது மூன்று பத்திகள் இருக்கும். நெசவாளர் வசம் இருப்பதாக எழுதி, இல்லாத 110 கிலோ நூல். தறியே இல்லாத ஐந்து பேருக்குப் போன 6 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் கூலியும் அவர்கள் பெயரில் எழுதிய 495 கிலோ நூலும். கைத்தறி என்ற பெயரில் அலமாரியில் இருக்கும் வேறு துணி.

யார் செய்தது என்று தீர்ப்புச் சொல்லத் தணிக்கையாளருக்கு அதிகாரம் இல்லை. சட்டத்தின் 81ஆம் பிரிவின்கீழ் விசாரணைக்கு உத்தரவிட்டு, 87ஆம் பிரிவின்கீழ் நட்டத்துக்குக் காரணமானவர்மீது தண்டத்தீர்வை விதிப்பது துறையின் வேலை. அந்த வழி நீளமானது. அதற்குள் தலைவர் மாறியிருப்பார், மேலாளர் ஓய்வு பெற்றிருப்பார். அதனால்தான் அன்றைக்கு எடுத்த எடைக் குறிப்பு, மூடிய தறிக்குழியைப் பார்த்ததற்கான வாக்குமூலம், நெசவாளர் பாஸ்புத்தகத்தின் நகல் ஆகியவை அறிக்கையோடு இணைந்திருக்க வேண்டும். “நூல் இருப்பில் வேறுபாடு காணப்பட்டது, சரிசெய்யவும்” என்று ஒற்றை வரியில் எழுதிய குறைகள் அடுத்த ஆண்டு அறிக்கையிலும் அதே வரியாகத்தான் வரும்.

அறிக்கை பொதுப்பேரவையில் உறுப்பினர் முன் வைக்கப்பட வேண்டியது. பெரும்பாலும் லாப நட்டத் தொகையை மட்டும் படித்துவிட்டுக் கூட்டம் முடியும். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் நெசவாளருக்குத் தணிக்கையாளரைவிட நன்றாகத் தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன. ஒரு பாவுக்கு எத்தனை நாள் ஆகும், தெருவில் எத்தனை தறி ஓடுகிறது, யார் வீட்டுத் தறி நின்றுபோய் எத்தனை வருடம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆண்டில் மொத்தம் எத்தனை சேலை, எத்தனை தறி, மார்ச் 31 அன்று நெசவாளர்களிடம் எத்தனை கிலோ நூல் என்ற மூன்று எண்களை அவர் கேட்டு வாங்கினால் போதும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் தறி ஓடிய வேகம் தெரியும். மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு தறிக்கு எத்தனை கிலோ என்று வரும். அது ஒரு பாவின் எடையைத் தாண்டினால், அந்த நூல் எந்தத் தறியிலும் இல்லை.